மாமாவுக்கு எதற்கு மெயில்?

கல்யாணப் பந்தியில் ரசம் வருகிற நேரத்தில்தான் இந்தப் பேச்சு கிளம்பியது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் தம்பி மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கிறான். இன்டர்வியூ எடுத்தவர் வேறு யாருமில்லை, குடும்பத்துக்கு இருபது வருடமாகத் தெரிந்தவர். பையனின் காதுகுத்துக்குக்கூட வந்திருக்கிறார். பையன் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஆபீஸ் முகவரிக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்பினானாம், அதுவும் ‘சார்’ போட்டு. “தூக்கி வளர்த்த மனுஷனுக்கு மெயில் அனுப்பறானுங்க! வீட்டுக்குப் போயி ரெண்டு கிலோ ஆப்பிள் குடுத்துட்டு, ‘மாமா பாத்துக்குங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. இவனுக்கு வெள்ளைக்காரன் பழக்கம்.”

வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பந்தியில் வாதாடக் கூடாது என்பதால் நான் ரசத்தைக் குடித்தேன். ஆனால் அன்றைக்குப் பேசாமல் விட்டதை இங்கே பேசிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் கோயம்புத்தூர், ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். அந்தப் பையன் செய்தது சரி. அவனைப் பார்த்துச் சிரித்த பந்தி செய்யச் சொன்னதுதான் தெரிந்தவரின் கழுத்தில் கயிற்றைப் போடுகிற வேலை.

அவர்கள் சொன்னதை முதலில் ஒழுங்காக எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அது முட்டாள்தனமான பேச்சு இல்லை. நம் வீடுகளில் நெருங்கியவர்களுக்கு ‘நன்றி’ சொல்வதில்லை. அம்மா காபி கொடுத்தால் யாரும் நன்றி சொல்வதில்லை, சொன்னால், “என்ன, உடம்பு சரியில்லையா?” என்பாள். சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு, சமயம் வரும்போது திருப்பிச் செய்வதுதான் நம் வழக்கம். வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அங்கே ‘நன்றி’ என்ற சொல்லுக்கு ஒருவர் செய்த உதவி என்றுதான் பொருள், வாயால் சொல்லும் மரியாதை வார்த்தை இல்லை. ஆகவே தெரிந்தவருக்கு மெயிலில் நன்றி சொல்வது அவரை அந்நியராக்குவது என்று பெரியவர்களுக்குத் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது.

அவர்கள் சறுக்குகிற இடம் வேறு. இன்டர்வியூ முடிந்த அன்று அந்த மாமா உங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அது அவருக்குச் சம்பளம் தருகிற வேலை. செய்யாத உதவிக்கு உறவு மொழியில் நன்றி சொன்னால், ‘இனிமேல் செய்யப்போகிற உதவிக்கு’ என்ற பொருள்தான் அதற்கு வரும். ஆப்பிளின் பொருளும் அதுதான். கொடுப்பவர் பாசத்தோடு கொடுக்கலாம். ஆனால் வேலைக்கு மனுப் போட்டிருக்கும் பிள்ளையின் அப்பா, முடிவு வருவதற்கு முன்னால், முடிவெடுப்பவர் வீட்டு வாசலில் பழக்கூடையோடு நிற்பதை அந்தத் தெருவில் யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்?

அந்த மாமாவின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓரளவு பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் ஒரே ஆள் உட்கார்ந்து ஆள் எடுப்பதில்லை. அந்தப் பிரிவின் மேலாளர், பக்கத்துப் பிரிவிலிருந்து ஒருவர், எச்.ஆர். ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். ஆளுக்கொரு மதிப்பீட்டுத் தாள். தொழிலறிவுக்கு இவ்வளவு, பேச்சுக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எண் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மூவரும் சேர்ந்து பேசி ஒரு பெயரை மேலே அனுப்புவார்கள். மேலே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “ஏன் இவர்? இரண்டாவதாக இருந்தவர் ஏன் இல்லை?” அதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

சட்டம் இதில் கை கொடுக்காது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும் அதன் விதிகளும் ‘உறவினர்’ யார் என்று பட்டியல் போட்டிருக்கின்றன: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள். வேடிக்கை என்னவென்றால் தாய்மாமனே அந்தப் பட்டியலில் இல்லை. நாம் ‘மாமா’ என்று கூப்பிடும் அப்பாவின் நண்பருக்கு அங்கே இடம் ஏது? ஆக, அவர் உங்களைத் தேர்ந்தெடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கம்பெனியின் நடத்தை விதி என்று ஒன்று உண்டு. தெரிந்தவர் மனுப் போட்டிருந்தால் எச்.ஆரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது பல கம்பெனிகளில் அதன் சாரம். சட்டத்தின் பட்டியலில் அடங்காத உறவு என்பதாலேயே முழுப் பாரமும் அவருடைய சொந்த நேர்மையின் மேல் விழுகிறது. ‘அவர் தெரிந்த பையனை எடுத்தார்’ என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க அவர் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

அப்படித் தாள் இல்லாமல் போன ஒரு நாளை நானே பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். மூன்று பேர் கொண்ட குழு, மீட்டிங் அறை, மேலாளரின் மடிக்கணினி புரொஜெக்டரில் இணைந்திருக்கிறது. தேர்வுப் பட்டியலை எக்செலில் திறந்து வைத்திருக்கிறார். ஐந்து பெயர், இரண்டாவது பெயர் அவருக்குத் தெரிந்த வீட்டுப் பையன். அதை எங்களிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. பையன் நன்றாகவே பதில் சொல்லியிருந்தான், என் தாளிலும் நல்ல எண்தான். திரையின் வலது மூலையில் வாட்ஸ்அப் அறிவிப்பு ஒன்று மெல்ல எழும்பியது. பையனின் பெயர், அதற்குக் கீழே: “மாமா நேத்து ரொம்ப தேங்க்ஸ், அப்பா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்னு சொல்ல சொன்னாங்க.” கூடவே கைகூப்பும் படம் இரண்டு. நான்கு விநாடி இருந்திருக்கும். அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேலாளர் எக்செலைக் கீழே நகர்த்தினார். மூன்றாவது ஆளான உற்பத்திப் பிரிவுக்காரர் பேனாவை மூடி வைத்தார். பையன் எடுக்கப்படவில்லை. அவனைவிடக் குறைவான எண் வாங்கியவர் எடுக்கப்பட்டார். மேலாளர் அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பேச முடியாது. பையன் வீட்டில், “தெரிஞ்சவரா இருந்தும் செய்யல பாரு” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியில் தவறான வார்த்தை ஒன்றுகூட இல்லை. மரியாதை இருக்கிறது, பாசம் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. அதே பையன் அதே காலையில் ஆபீஸ் முகவரிக்கு ஒரு சாதாரண மெயில் அனுப்பி, அது திரையில் எழும்பியிருந்தால், நாங்கள் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போம்.

மெயில் என்றால் எப்படிப்பட்ட மெயில்? இதை ஒரு நடந்த கதையை வைத்தே சொல்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பெண், இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மூன்று வருடம் ஒரு சிறிய தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவள். கார்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் தரப் பொறியாளர் வேலைக்கு மனுப் போட்டாள். அங்கே தரப் பிரிவின் தலைவர் அவள் அப்பாவோடு ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர். சிறு வயதில் அவர் வீட்டு மாடியில் பட்டம் விட்டவள் இவள். இன்டர்வியூ ஒரு வியாழக்கிழமை பிற்பகல். மூன்று பேர் குழு. வந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

“ஒரு கேள்விக்குத் தப்பா சொல்லிட்டேன் அங்கிள்.”

கேள்வி இதுதான். ஒரு துளையின் விட்டத்தை அளக்கும் கருவியை கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனைக்கு உட்படுத்துகிறீர்கள். அதாவது ஒரே பாகத்தை வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்ப அளக்கும்போது கருவியாலும் ஆளாலும் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று பார்க்கிறீர்கள். மொத்த வேறுபாட்டில் 22 சதவீதம் என்று விடை வருகிறது. கருவியை லைனில் வைப்பீர்களா? இவள், “30-க்குள் இருக்கிறது, வைக்கலாம்” என்று சொல்லியிருக்கிறாள். தொழிலில் வழங்கும் அளவுகோல் அப்படி இல்லை. 10-க்குக் கீழே இருந்தால் நல்லது. 10-லிருந்து 30 வரை, பாகம் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பார்த்து ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். 30-க்கு மேல் கூடாது. நடுவில் இருக்கும் அந்த ‘பார்த்து’ என்ற சொல்லைத்தான் அவள் விழுங்கிவிட்டாள். இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவியால் பாகங்களை எத்தனை வகையாகப் பிரித்தறிய முடியும் என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். குறைந்தது 5 வேண்டும். 22 சதவீதத்துக்கு அந்த எண் 6 வரும், தப்பித்தோம். 30 சதவீதத்துக்கு அது 4-க்கு இறங்கிவிடும். அதாவது “30 வரைக்கும் வைக்கலாம்” என்று அவள் சொன்ன பதில் அவள் துறையின் இன்னொரு விதியோடே மோதுகிறது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அது அவளுக்கே உறைத்திருக்கிறது.

அவள் அம்மாவுக்கு ஒரு யோசனை இருந்தது. “அப்பாவ விட்டு ஒரு போன் போடச் சொல்லு. ‘பயத்துல மாத்திச் சொல்லிட்டாளாம்’னு சொன்னா அவரு புரிஞ்சுக்குவாரு.” அப்பா போனைக் கையில் எடுத்தே விட்டார். நான்தான் வாங்கி மேசையில் வைத்தேன். அந்த போன் போயிருந்தால் நடந்திருக்கக்கூடியது இவ்வளவுதான்: அவர் இரக்கப்பட்டிருப்பார். ஆனால் அந்த இரக்கத்தை மற்ற இருவரிடம் எப்படி எடுத்துப் போவார்? “அவங்கப்பா போன் பண்ணினாரு, பொண்ணுக்கு விடை தெரியுமாம்” என்றா?

அவள் மறுநாள் காலை ஒன்பதரைக்கு மெயில் அனுப்பினாள். இரவே அனுப்பத் துடித்தாள். தூங்கி எழுந்து அனுப்பு என்றேன். ஒரு நாளுக்குள் போனால் போதும். பதினொன்றரை மணி இரவுக்கு ஒரு பதற்ற வாசனை உண்டு, அது எழுத்திலும் வரும். பெறுநர் இடத்தில் அவருடைய ஆபீஸ் முகவரி, இன்டர்வியூ அழைப்பு வந்த அதே மெயில் தொடரில். எச்.ஆர். பெண்ணுக்கும் நகல். இந்த நகலைத்தான் நான் ரொம்ப வற்புறுத்தினேன், ஏனென்றால் எச்.ஆருக்குப் போன மெயிலை ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அவருடைய சொந்த ஜிமெயில் முகவரி இவள் போனில் இருந்தது. அதன் பக்கமே போகக் கூடாது.

மெயில் ஆங்கிலத்தில்தான் எழுதினாள். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று தரப் பொறியாளர் பணிக்கான நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு உங்களுக்கும் குழுவில் இருந்த மற்ற இருவருக்கும் நன்றி. புதிய லைனில் அளவைக் கருவிகளின் சோதனையை முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொன்னது, இந்தப் பணியில் என் ஆர்வத்தைக் கூட்டியிருக்கிறது.

கேஜ் ஆர் அண்ட் ஆர் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுமையாக இல்லை. 22 சதவீதம் என்பது நிபந்தனையோடு ஏற்கும் வரம்பில் இருக்கிறது. துளையின் விட்டம் வாடிக்கையாளர் முக்கியம் என்று குறித்த அளவாக இருந்தால் கருவியை அப்படியே வைக்க மாட்டேன். முதலில் வேறுபாடு கருவியிலிருந்து வருகிறதா, அளப்பவரிடமிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்ப்பேன். 30 சதவீதம் வரை ஏற்கலாம் என்று பொதுவாகச் சொன்னதும் சரியல்ல. அந்த அளவில் பிரித்தறியும் வகைகளின் எண்ணிக்கை 5-க்குக் கீழே போய்விடும்.

என்னிடமிருந்து மேலும் விவரம் வேண்டுமானால் தெரிவியுங்கள்.”

கீழே முழுப் பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். அப்பா பெயர் இல்லை, ‘வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்’ இல்லை, தன் குறை நிறைகளைப் பற்றிய பிரசங்கம் இல்லை. முதல் வரைவில், “சிறு வயதிலிருந்தே உங்களைப் பார்த்து வளர்ந்தவள்” என்று ஒரு வரி இருந்தது. நல்ல வரிதான், உண்மையும்கூட. எடுத்துவிடச் சொன்னேன். அந்த வரி ஒன்றினாலேயே அவர் இந்த மெயிலை மற்ற இருவருக்கும் அனுப்ப முடியாமல் போயிருக்கும். இப்போது முடியும். அவர் அனுப்பியும் இருக்கிறார், ‘பார்வைக்கு’ என்று ஒரே சொல்லோடு. அது பிறகு தெரிய வந்தது.

தெரிந்தவருக்கு எழுதும் மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: அவர் அதை எந்த வரியையும் வெட்டாமல், எந்த விளக்கமும் சேர்க்காமல், பக்கத்து நாற்காலிக்காரருக்கு அனுப்ப முடிய வேண்டும். மெயிலைப் படிக்கப் போகும் மூன்று பேரில் உங்களைத் தெரியாத இருவர் இருக்கிறார்கள். எழுதும்போது கண்முன் நிற்க வேண்டியவர்கள் அந்த இருவர்.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். பந்தியில் யாரும் இதைச் சொல்லவில்லை; என் மனைவி சொன்னாள். “ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். தெரியாத மாதிரி ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னு எழுதறது வேஷம் இல்லையா? மறைக்கறதுதானே அது?”

இந்தக் கேள்விக்கு மெயிலில் பதில் கிடையாது, மெயிலுக்கு முன்னால் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: எங்கள் நிறுவனத்தில் உங்களுக்கு உறவினரோ தெரிந்தவரோ இருக்கிறார்களா? பலர் இந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், ‘உறவினர் இல்லையே’ என்ற சமாதானத்தோடு. இவள், “தரப் பிரிவின் தலைவர் என் தந்தையின் நண்பர்” என்று எழுதியிருந்தாள். அவரும் அவர் பங்குக்கு எச்.ஆரிடம் சொல்லியிருந்தார். ஆக, அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மெயிலில் சொல்லாமல் விடுவது மறைப்பது ஆகாது. அதை வைத்து எதையும் கேட்காமல் இருப்பது ஆகும். படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மெயிலில் ‘ஐயா’ போட்டால்தான் அது வேஷம். அந்த வேஷம் கலைந்தால், சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகுகூட வேலை போகலாம்; பொய்த் தகவல் என்று ஒரு காரணம் எப்போதும் கோப்பில் காத்திருக்கும்.

படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால்? அப்போது இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும் எச்.ஆருக்கு ஒற்றை வரி எழுதிவிடலாம்: குழுவில் இருப்பவர் குடும்ப நண்பர், உங்கள் தகவலுக்கு. சிலர் இதைச் செய்தால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படுவார்கள். நான் இருந்த இடங்களில் அப்படி எழுதியதற்காக யாரையும் தள்ளியதில்லை. பெரும்பாலும் குழுவில் ஒருவரை மாற்றுவோம், அல்லது அவர் எண்ணைச் சேர்க்காமல் மற்ற இருவர் எண்ணை மட்டும் எடுப்போம்.

‘அவர் மனம் புண்படுமே’ என்ற இன்னொரு கவலைக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. இன்டர்வியூ அறையில் நீங்கள் அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள்? ‘சார்’ என்றுதானே? அவரும், “உங்களைப் பற்றிச் சொல்லுங்க” என்று ‘ங்க’ போட்டுத்தானே கேட்டார்? வீட்டில் ‘வா கண்ணு’ என்பவர் அங்கே ‘ங்க’ போட்டதற்காக நீங்கள் புண்படவில்லை. அவரே தொடங்கி வைத்த மொழியில் நீங்கள் பதில் எழுதுகிறீர்கள். அதே மெயிலில் திடீரென்று ‘மாமா’ என்று இறங்கினால்தான் அவர் நெளிவார். இரண்டுக்கும் நடுவில் ‘அன்புள்ள அங்கிள் சார்’ என்று எழுதிய ஒரு கடிதத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

ஆனால் எல்லா இடத்துக்கும் இந்த மெயில் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பீளமேட்டுச் சந்து ஒன்றில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை. முதலாளியே இன்டர்வியூ எடுக்கிறார், அவரே சம்பளம் பேசுகிறார், கல்லாவும் அவர் கையில். அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு முறையான மெயில் போட்டால் உண்மையாகவே சிரிப்பார், ஒரு போன் போட்டு, “நேத்து வந்துட்டுப் போனதுங்க, எப்ப சொல்வீங்க?” என்று கேட்பதுதான் அங்கே மரியாதை. அரசு வேலை இதற்கு நேர் எதிர்முனை. தேர்வாணையமும் அரசு வங்கிகளும் தங்கள் அறிவிப்பிலேயே சொல்லிவிடுகின்றன: எந்த வகையிலும் ஆதரவு திரட்டினால் தகுதி இழப்பு. அங்கே நேர்காணல் குழுவில் தெரிந்தவர் இருந்தால் மெயிலும் கூடாது, போனும் கூடாது. நான் பேசுவது இடையில் இருக்கும் கம்பெனிகளைப் பற்றி, ஒருவர் எடுக்கும் முடிவை இன்னொருவர் கேள்வி கேட்கக்கூடிய இடங்களைப் பற்றி. பந்தியில் இருந்தவர்கள் பட்டறைக் காலத்து வழக்கத்தை அந்த இடங்களுக்கு எடுத்துப் போகிறார்கள்.

மெயிலை நம்பி ரொம்பத் துள்ளவும் வேண்டாம். எண் குறைந்தவரை மெயில் தூக்கிவிடாது. இவள் விஷயத்தில் அது செய்ததெல்லாம், தவறாகச் சொன்ன ஒரு பதிலுக்கு ஒரு திருத்தத்தைக் கோப்பில் சேர்த்தது. அப்படித் திருத்தவோ சேர்க்கவோ எதுவும் இல்லையென்றால் நான்கு வரி போதும். பதில் வராவிட்டால் துரத்தக் கூடாது, எச்.ஆர். சொன்ன தேதி கடந்து ஒரு வாரம் ஆன பிறகு, எச்.ஆரிடமே கேட்கலாம். மாமாவிடம் அல்ல.

ஏற்கெனவே ‘மாமா தேங்க்ஸ்’ என்று அனுப்பியாகிவிட்டதா? ‘எல்லாருக்கும் அழி’ என்பதை அழுத்தாதீர்கள். செய்தி நீக்கப்பட்டது என்ற அடையாளம் அங்கேயே கிடக்கும், செய்தியைவிட மோசமாக. அதை அப்படியே விட்டுவிட்டு, ஆபீஸ் முகவரிக்கு முறையான மெயிலை அனுப்புங்கள், எச்.ஆருக்கு நகலோடு. அவர் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடவில்லை என்றால் அது கோபம் இல்லை, உங்களைக் காப்பாற்றுகிறார். அதற்கு மேல் கேள்விக்குறி அனுப்பி விடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களைக் கட்டிப்போடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். இவள் அப்பா இரண்டு வாரம் தவித்தார். நடுவில் ஒரு வளைகாப்பில் நண்பரை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றதாம். நண்பரும் மழை பற்றியும் முட்டி வலி பற்றியும் மட்டும் பேசிவிட்டு, சாப்பிடாமல் சீக்கிரம் கிளம்பிவிட்டாராம். “ஒதுங்கிப் போறான் பாருங்க” என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது என்று.

வேலை கிடைத்தது. கடைசிச் சுற்றில் அவர் உட்காரவில்லை; ஆலைத் தலைவர்தான் பார்த்தாராம், கேஜ் கேள்வியை அவரும் கேட்டாராம். வேலை உத்தரவு கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரத்தில் கேன்டீனில் அவர் தட்டோடு எதிரே வந்திருக்கிறார். இவள் எழுந்து நின்று, “குட் ஆஃப்டர்நூன் சார்” என்றிருக்கிறாள். “உக்காந்து சாப்பிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, மூன்று மேசை தள்ளி, முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாராம்.